“இன்னும் அரை மணி நேரம்”னு சொல்றாங்களே, அது யாரோட அரை மணி நேரம்?

கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்டுல யாருக்காவது அடுத்த சில மாசத்துல ஆபரேஷன் இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. சக மருத்துவர்கள் படிச்சுட்டுத் திட்டுறதா இருந்தாலும் கமெண்ட்ல வரவேற்கிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டுல எல்லாருக்கும் ஒரே வாக்கியம் சொல்லப்படும். “நைட் பன்னெண்டு மணிக்கு மேல பச்சத் தண்ணி கூடப் பல்லுல படக்கூடாது.” காலையில ஒன்பது மணிக்கு உள்ள போறவருக்கும் இதே வாக்கியம்தான். சாயங்காலம் நாலு மணிக்கு உள்ள போறவருக்கும் இதே வாக்கியம்தான்.

இதைப் பாதுகாப்பு விதின்னு நினைச்சு நீங்களும் பயபக்தியோட கடைப்பிடிக்கிறீங்க. நான் சொல்றேன், இது பாதுகாப்பு விதி இல்லை. யாருக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன் நடக்கும்னு கணக்குப் போட யாருக்கும் மனசில்லாததால, எல்லாரையும் சேர்த்துப் பட்டினி போடுற ஏற்பாடு. மருத்துவக் காரணம் கொஞ்சம் இருக்கு. மிச்சம் எல்லாம் சோம்பேறித்தனம்.

முதல்ல அந்தக் கொஞ்சம் மருத்துவக் காரணத்தைப் பார்த்துடுவோம்.

மயக்கம் கொடுக்கும்போது இருமல், விழுங்குதல் மாதிரியான அனிச்சைச் செயல்கள் நின்னு போகும். அந்த நேரத்துல வயித்துல இருக்கிறது மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போனா நுரையீரலுக்கு ஆபத்து. உயிரே கூடப் போகலாம். 1946ல மெண்டல்சன்னு ஒரு அமெரிக்க மருத்துவர் பிரசவத்துக்கு மயக்கம் கொடுத்த பெண்கள்கிட்ட இதைப் பார்த்து விவரமா எழுதினார். அதனாலதான் வயிறு காலியா இருக்கணும்ங்கிறாங்க. இதுல எனக்கு ஒரு கருத்து வேறுபாடும் இல்லை.

ஆனா வயிறு எவ்வளவு நேரத்துல காலியாகும்? அது உள்ள போன பொருளைப் பொறுத்தது. பிரியாணி, பொரிச்ச கறி மாதிரி எண்ணெய்ச் சாப்பாடுன்னா எட்டு மணி நேரம் விடணும். இட்லி மாதிரி லேசான சாப்பாடு, பால், பால் கலந்த காபி இதுக்கெல்லாம் ஆறு மணி நேரம். வெறும் தண்ணி, பால் கலக்காத டீ இதுக்கு ரெண்டே ரெண்டு மணி நேரம். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் இந்த ரெண்டு மணி நேரக் கணக்கை 1999லயே எழுதி வெச்சுடுச்சு. ஐரோப்பாவில குழந்தைகளுக்குத் தண்ணி விஷயத்துல அதை ஒரு மணி நேரமாவே குறைச்சுட்டாங்க.

அப்போ நாலு மணிக்கு ஆபரேஷன்னா ரெண்டு மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்தானே? குடிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். நாலு மணிக்குத்தான் ஆபரேஷன்னு யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

அங்கதான் கதை ஆரம்பிக்குது.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்குவோம். ஒரு தியேட்டர், ஒரு சர்ஜன், நாலு பித்தப்பைக் கல் ஆபரேஷன். நாலும் லேப்ராஸ்கோபி. காலை எட்டரைக்கு ஆரம்பம்னு லிஸ்ட்ல போட்டிருக்கு. சர்ஜன்கிட்ட “ஒண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சார்?”னு கேட்டா “முக்கால் மணி நேரம்”ங்கிறார். அவர் பொய் சொல்லலை. அவர் கையில கத்தி எடுத்ததுல இருந்து கடைசித் தையல் போடுற வரைக்கும் முக்கால் மணி நேரம்தான்.

இதைக் கேட்ட சொந்தக்காரங்க கணக்குப் போடுறாங்க. மூணு முக்கால் ரெண்டேகால். எட்டரையோட கூட்டினா பத்தே முக்கால். நம்ம அம்மா நாலாவது. பதினோரு மணிக்கு உள்ள போய் பன்னெண்டுக்குள்ள வெளிய வந்துடுவாங்க. ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமையா இருந்தா பத்தரையில இருந்து பன்னெண்டு ராகு காலமாச்சேன்னு ஒரு பெரியப்பா கவலைப்படுவார். அவரைச் சமாதானப்படுத்த “சரிங்க, பத்தரைக்குள்ள ஆரம்பிச்சிடலாம்”னு சொன்ன டாக்டர்களும் இருக்காங்க. அதைப் பத்தி இன்னொரு நாள் தனியா எழுதணும்.

இப்போ தியேட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. நோயாளியை டேபிளுக்கு மாத்தி, மானிட்டர் ஒட்டி, மயக்கம் கொடுத்து, தொண்டையில டியூப் போட இருபது நிமிஷம். படுக்க வைக்கிற நிலையைச் சரி பண்ணி, மருந்து தடவி, துணி போர்த்த பத்து நிமிஷம். அப்புறம்தான் சர்ஜனோட நாற்பத்தஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் மயக்கம் தெளிய வெச்சு, டியூப் எடுத்து, வெளிய அனுப்பப் பதினஞ்சு நிமிஷம். தரை துடைச்சு, கருவிகள் மாத்தி, அடுத்த ஆளைக் கூட்டிட்டு வர இருபத்தஞ்சு நிமிஷம். கூட்டிப் பாருங்க. 115 நிமிஷம். முக்கால் மணி நேர ஆபரேஷன் தியேட்டரை ரெண்டு மணி நேரம் பிடிச்சு வெச்சுக்குது.

எட்டரை லிஸ்ட் ஒன்பதுக்கு ஆரம்பிக்கிறதும் உலக வழக்கம். ஒன்பதுல இருந்து மூணு 115 நிமிஷத்தைக் கூட்டினா நாலாவது ஆள் உள்ள போறது ரெண்டே முக்காலுக்கு. கவனிங்க, இது எல்லாம் ஒழுங்கா நடந்தா! எந்தச் சிக்கலும் இல்லை, எந்த எமர்ஜென்சியும் குறுக்க வரலை. அப்பவே பதினோரு மணின்னு நினைச்சது ரெண்டே முக்கால் ஆயிடுச்சு.

இதை யாரும் திடீர்னு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தியேட்டர் வாசல்ல ஒரு ரெஜிஸ்டர் இருக்கு. எத்தனை மணிக்கு உள்ள வந்தார், எத்தனை மணிக்கு வெளிய போனார்னு ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதியிருப்பாங்க. அதே சர்ஜன் பண்ணின அதே ஆபரேஷன், கடைசி இருபதை எடுத்துப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிடும். ஆனா லிஸ்ட் போடும்போது அந்த ரெஜிஸ்டரை யார் திறக்கிறாங்க? சர்ஜன் மனசுக்குள்ள இருக்கிற ஒரு நல்ல நாளோட ஞாபகத்தை வெச்சுத்தான் லிஸ்ட் போடுறோம். மருத்துவக் குழப்பத்துக்கு வழக்குன்னு வந்தா மட்டும் அந்த ரெஜிஸ்டர் திறக்கப்படும்.

இது டாக்டர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 1994ல புயூலரும் அவரோட சகாக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆய்வேடு எழுதுற மாணவர்கள்கிட்ட எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னு பதில் வந்தது. உண்மையில ஆனது சராசரியா 55 நாளுக்கும் மேல. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. எல்லாமே சொதப்பினா எத்தனை நாள் ஆகும்னும் கேட்டிருந்தாங்க. அதுக்குச் சொன்ன பதில் சராசரியா 48 நாளைத் தாண்டிச்சு. அந்த மோசமான கற்பனையையே நிஜம் தாண்டிப் போயிடுச்சு. வேலையோட படிகளை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துக் கணிக்கிறவங்க எல்லாரும் இந்தக் குழியில விழுவாங்க. தப்பிக்க ஒரே வழி, இதே மாதிரி வேலைகள் இதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் எடுத்ததுன்னு பார்க்கிறது. அதான் சொல்றேன், ரெஜிஸ்டரைத் திறங்க.

சரி, முதல் கணிப்பு தப்பா போனதுக்காக நான் யாரையும் கழுவிலேத்த வரலை. என் கோபம் அடுத்த கட்டத்துல.

அதே நாள். முதல் ஆள் ஒன்பதுக்கு உள்ள போய் பத்தரைக்கு வெளிய வந்தாச்சு. ரெண்டாவது ஆள் 10:55க்கு உள்ள போயாச்சு. 11:25க்குக் கத்தி வெச்சாச்சு. கணக்குப்படி 12:10க்கு முடியணும். ஆனா கேமரா உள்ள போனதும் தெரியுது, பித்தப்பை வீங்கிப்போய், சுத்தி இருக்கிற கொழுப்போடயும் குடலோடயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இந்த ஆபரேஷன்ல எதையாவது வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கண்ணுக்குத் தெளிவாத் தெரியணும். பித்தப்பைக்குள்ள போறது ஒரு சின்னக் குழாயும் ஒரு ரத்தக்குழாயும் மட்டும்தான், வேற எதுவும் இல்லைங்கிறது. அது தெரியாம அவசரப்பட்டு வெட்டினா, கல்லீரல்ல இருந்து வர்ற முக்கியப் பித்தக்குழாயையே வெட்டிடற அபாயம் இருக்கு. அப்படி ஒரு காயம் அந்த நோயாளியோட வாழ்க்கையையே மாத்திடும்.

அதனால சர்ஜன் மெதுவாப் போறார். சரியாத்தான் செய்யறார். மணி 12:10. இன்னும் அந்தக் குழாய் தெரியலை.

மயக்க மருத்துவர் கேட்கிறார், “இன்னும் எவ்வளவு நேரம் சார்?”

“பத்து நிமிஷம்.”

12:30க்கு மறுபடி கேட்டா, “பத்து நிமிஷம்.”

12:50க்குக் கேட்டாலும் அதே பத்து நிமிஷம். நம்ம ஊர் டவுன் பஸ்ஸுல “எப்போண்ணே எடுப்பீங்க?”னு கேட்டா வர்ற பதில் மாதிரி.

இந்தப் பத்து நிமிஷம் எங்க இருந்து வருது? மனசு இப்படிக் கணக்குப் போடுது: மொத்தம் நாற்பத்தஞ்சு நிமிஷ வேலை, நாற்பத்தஞ்சு ஏற்கெனவே போயாச்சு, அப்போ மிச்சம் கொஞ்சம்தான் இருக்கணும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா முழுக்கத் தலைகீழ்.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. நாற்பத்தஞ்சு நிமிஷத்துல முடியற பித்தப்பைகள் எல்லாம் நாற்பத்தஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போயிருக்கும். அந்த நேரத்தைத் தாண்டியும் டேபிள்ல இருக்குன்னா இது அந்த ரகமே இல்லை. இது ஒட்டிப்போன பித்தப்பை ரகம். அந்த ரகம் ஒன்றரை மணி நேரம் எடுக்கும், ரெண்டு மணி நேரம் எடுக்கும், சில சமயம் லேப்ராஸ்கோபியை விட்டுட்டு வயித்தைத் திறந்து பண்ண வேண்டி வரும். அப்படின்னா 12:10க்கு மிச்ச நேரம் குறையலை, கூடியிருக்கு! 11:25க்கு மிச்சம் நாற்பத்தஞ்சு நிமிஷம்னு நினைச்சோம். 12:10க்கு நேர்மையா நினைச்சா மிச்சம் அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும்.

கணிப்பைத் திருத்துறதுன்னா பழைய எண்ணோட பத்தைக் கூட்டுறது இல்லை. இது எந்த ரகம்னு தெரிஞ்ச பிறகு, பழைய எண்ணைக் குப்பையில போட்டுட்டு, புது ரகத்துக்கு ஏத்த எண்ணை முதல்ல இருந்து எடுக்கிறது. பழைய எண் மேல உள்ள பாசம்தான் இங்க வில்லன்.

இதுல மயக்க மருத்துவருக்கு என்ன நஷ்டம்னு கேட்கலாம். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வெச்சுப் பண்ற ஆபரேஷனை நினைச்சுக்கோங்க, குடலிறக்கம் மாதிரி. அந்த மருந்து சுமார் ரெண்டு, ரெண்டரை மணி நேரம் தாங்கும். ஒன்றரை மணி நேரம் தாண்டின பிறகும் சர்ஜன் “பத்து நிமிஷம்”னே சொல்லிக்கிட்டு இருந்தா, அதை நம்புற மயக்க மருத்துவர் அடுத்த ஏற்பாடு எதுவும் பண்ண மாட்டார். நோயாளி “டாக்டர், வலிக்குது”ன்னு சொல்லும்போதுதான் ஓட ஆரம்பிப்பாங்க. “தெரியலை, ஒரு மணி நேரம் கூட ஆகலாம்”னு முன்னாடியே சொல்லியிருந்தா நிதானமா முழு மயக்கத்துக்குத் தயார் பண்ணியிருக்கலாம். அனுபவமுள்ள மயக்க மருத்துவர்கள் எல்லாரும் சர்ஜனோட பத்து நிமிஷத்தை மனசுக்குள்ளேயே மூணால பெருக்கிக்கிறாங்க. அது அவங்க திறமை. ஆனா ஒரு மருத்துவமனை இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டை நம்பி ஓடக்கூடாது.

இப்போ வார்டுக்குப் போவோம். அங்க நாலாவது ஆள், ஐம்பத்தஞ்சு வயசு அம்மான்னு வெச்சுக்குவோம், பதினோரு மணியில இருந்து பச்சை கவுன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. பன்னெண்டுக்கு அப்புறம் தண்ணி இல்லை. நாக்கு ஒட்டுது, தலை வலிக்குது. சிஸ்டர்கிட்ட கேட்டா “எப்ப வேணா கூப்பிடுவாங்கம்மா, எதுவும் குடிச்சிடாதீங்க.”

உள்ள ரெண்டாவது ஆளோட ஆபரேஷன் கடைசியா 1:25க்கு முடியுது. ரெண்டு மணி நேரம். வெளிய வர 1:40. மூணாவது ஆள் உள்ள போக 2:05. அவருக்குச் சிக்கல் எதுவும் இல்லை, 3:35க்கு வெளிய. நம்ம அம்மா உள்ள போகும்போது மணி நாலு. சாப்பிட்டு இருபது மணி நேரம். தண்ணி குடிச்சுப் பதினாறு மணி நேரம். விதி கேட்டது ரெண்டு மணி நேரம்.

இது வெறும் கஷ்டம் மட்டும் இல்லை. உடம்புல நீர் வத்தினா நரம்பு கிடைக்காம நாலு இடத்துல குத்துவாங்க. மயக்கம் கொடுத்ததும் பிரஷர் சட்டுனு இறங்கும். வயசானவங்க குழம்பிப் போவாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் குமட்டல் அதிகமாகும். சர்க்கரை நோயாளியா இருந்து, முந்தின நாள் மாத்திரையோட வேகம் உடம்புல மிச்சம் இருந்தா சுகர் தாழ்நிலைக்குப் போகும். அதனாலதான் சுகர் நோயாளிகளை லிஸ்ட்ல முதல்ல போடுவோம். ஆனா நடுவுல ஒரு எமர்ஜென்சி வந்து அந்த முதல் ஆள் மூணாவது ஆளா ஆனா, அவரோட பட்டினிக் கணக்கை யாராவது திருத்துறாங்களா? பல இடத்துல இல்லை.

“ட்ரிப்ஸ் போட்டிருக்கோமே”ன்னு ஒரு பதில் வரும். நாலு மணி வரைக்கும் காத்திருக்கிறவங்களுக்கு எத்தனை வார்டுல காலையிலேயே ட்ரிப்ஸ் போடுறாங்கன்னு போய்ப் பாருங்க. அப்படியே போட்டாலும் ஒரு டம்ளர் தண்ணிக்குப் பதிலா ஒருத்தர் கையில ஊசி ஏத்தி வெக்கிறது என்ன நியாயம்?

எனக்கு வர்ற நல்ல எதிர்வாதம் இதுதான், இதுக்கு மரியாதையா பதில் சொல்லணும். “சார், லிஸ்ட் தள்ளி மட்டும் போகாது, முன்னாடியும் வரும். மூணாவது ஆளுக்குக் காலையில பிரஷர் ஏறிப்போய் கேன்சல் ஆனா நாலாவது ஆளை உடனே கூப்பிடுவோம். அவங்க அப்பத்தான் தண்ணி குடிச்சிருந்தா தியேட்டர் ரெண்டு மணி நேரம் சும்மா கிடக்கும்.”

உண்மை. அதனாலதான் ஒரு எண் போதாது, ரெண்டு எண் வேணும்னு சொல்றேன். ஒண்ணு, எவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டாலும் இதுக்கு முன்னாடி கூப்பிட மாட்டோம்ங்கிற நேரம். தண்ணியை நிறுத்த வேண்டியது அதை வெச்சு. இன்னொண்ணு, பெரும்பாலும் இதைத் தாண்டாதுங்கிற நேரம். சொந்தக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியது அது. ரெண்டு கேள்விக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தா ரெண்டு பக்கமும் தப்பாப் போகும்.

நம்ம அம்மாவுக்கே போட்டுப் பார்ப்போம். காலை எட்டே முக்காலுக்கு நிலைமை: முன்னாடி மூணு பேர். அதுல ஒருத்தர் கேன்சல் ஆகலாம்னு வெச்சுக்குவோம். அப்பவும் ரெண்டு பேர் முடியணும். ஒன்பதோட ரெண்டு 115 நிமிஷம் கூட்டினா 12:50. அதுக்கு முன்னாடி இந்த அம்மா உள்ள போகவே முடியாது. அப்போ 10:50 வரைக்கும் தாராளமா தண்ணி கொடுக்கலாம். ராத்திரி பன்னெண்டுங்கிறது எங்க, காலை பத்தே முக்கால்ங்கிறது எங்க!

இப்போ 12:10. ரெண்டாவது ஆள் இழுக்குதுன்னு தெரிஞ்சாச்சு. மூணாவது ஆளை மயக்க மருத்துவர் பார்த்தாச்சு, பிரஷர் நல்லா இருக்கு, அவர் கேன்சல் ஆக மாட்டார். ரெண்டாவது ஆபரேஷன் அதிர்ஷ்டவசமா அரை மணியில முடிஞ்சாக்கூட 12:40. வெளிய அனுப்பி, சுத்தம் பண்ண 1:20. மூணாவது ஆளுக்கு 115 நிமிஷம். 3:15க்கு முன்னாடி அந்த அம்மாவைக் கூப்பிட வழியே இல்லை. அப்போ ஒரு மணி வரைக்கும் மறுபடி தண்ணி கொடுக்கலாம். தியேட்டர்ல இருந்து வார்டுக்கு ஒரு போன்: “நாலாவது பேஷண்டுக்கு ஒரு மணி வரைக்கும் வெறும் தண்ணி கொடுங்க. வீட்டு ஆளுங்ககிட்ட நாலு மணிக்கு மேலதான் உள்ள போவாங்க, வெளிய வர ஆறு மணி தாண்டலாம்னு சொல்லிடுங்க. போய்ச் சாப்பிட்டு வரச் சொல்லுங்க.”

அரை நிமிஷ போன். அதைப் பண்றது யார் வேலைன்னு எழுதி வைக்கலை. அதனால யாரும் பண்றதில்லை. சர்ஜன் கை உள்ள இருக்கு. தியேட்டர் சிஸ்டருக்கு, சர்ஜன் வாயில வராத நேரத்தைத் தான் எப்படிச் சொல்றதுன்னு பயம். வார்டு சிஸ்டருக்கு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது. எனக்குத் தோணுற தீர்வு ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு நோயாளி வெளிய வரும்போதும், எந்த ஆபரேஷனும் குறிச்ச நேரத்தைத் தாண்டும்போதும், தியேட்டர் பொறுப்பு சிஸ்டர் மிச்ச லிஸ்ட்டை மறுபடி கணக்குப் போட்டு வார்டுக்குச் சொல்லணும். சர்ஜனைக் கேட்க வேண்டாம், கடிகாரத்தையும் ரெஜிஸ்டரையும் பார்த்தாப் போதும்.

வேற ஒரு வழியும் இருக்கு. ஸ்காட்லாந்துல ஆரம்பிச்சு பிரிட்டன்ல பல மருத்துவமனைகள்ல, தியேட்டருக்குக் கூப்பிடுற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி உறிஞ்சிக்கலாம்னு விட்டுட்டாங்க. கணிப்பு சரியா வராதுன்னு ஒத்துக்கிட்டு, அதோட பாரம் நோயாளி தலையில விழாத மாதிரி விதியை மாத்திக்கிட்டாங்க. நாமளும் கணிப்பு சரியா வராதுன்னு தெரிஞ்சுதான் ராத்திரி பன்னெண்டு மணியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம். ஆனா பாரம் முழுக்க நோயாளிக்கு.

வெளிய காத்திருக்கிறவங்க நிலைமையையும் சொல்லணும். “முக்கால் மணி நேரம்”னு கேட்டுட்டு உக்காந்த குடும்பத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனதும் என்ன தோணும்? உள்ள ஏதோ ஆயிடுச்சு, மறைக்கிறாங்கன்னுதான் தோணும். உள்ள எல்லாம் நல்லாவே நடந்துக்கிட்டு இருக்கும், இங்க அப்பா ஒருத்தர் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருப்பார். பாதி நேரம் மயக்கம் கொடுக்கவும் தெளிய வைக்கவும்தான் போகுதுன்னு அவர்கிட்ட யாரும் சொல்லலை. ஆஸ்பத்திரி வாசல் சண்டைகள்ல எத்தனை, சொன்ன நேரம் தாண்டின பிறகு வந்த மௌனத்துல ஆரம்பிச்சிருக்கும்னு என் சக மருத்துவர்கள் யோசிக்கணும். “கொஞ்சம் ஒட்டியிருக்கு, மெதுவாப் பண்றோம், இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம், பயப்பட ஒண்ணுமில்லை”னு ஒருத்தர் வந்து சொன்னா அந்தக் குடும்பம் தாங்கிக்கும். நேரம் கூடுறதை ஜனங்க தாங்கிக்கிறாங்க. யாரும் வந்து சொல்லாததைத்தான் தாங்க முடியலை.

உங்ககிட்டயும் ஒரு குறை இருக்கு. “சரியா எத்தனை மணிக்கு டாக்டர்?”னு ஒரே எண்ணைப் பிடுங்காதீங்க. “ஒண்ணுல இருந்து மூணு மணி நேரம் ஆகலாம்”னு சொல்ற டாக்டரை “இவருக்கே தெரியலை”ன்னு நினைச்சு, “முக்கால் மணி நேரம்தான்”னு அடிச்சுச் சொல்ற டாக்டரைக் கெட்டிக்காரர்னு நினைக்கிற பழக்கம் நம்மகிட்ட பலமா இருக்கு. அந்தப் பழக்கம்தான் அந்த முக்கால் மணி நேரத்தை உற்பத்தி பண்ணுது.

அதுக்குப் பதிலா இப்படிக் கேளுங்க. “தியேட்டருக்குள்ள போனதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் எவ்வளவு நேரம்? எங்களுக்கு முன்னாடி எத்தனை பேர்? தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம்? லிஸ்ட் தள்ளிப்போனா எங்களுக்கு யார் வந்து சொல்லுவாங்க?” கடைசிக் கேள்விக்குப் பதில் ஒரு ஆளோட பேரா இருக்கணும். “சொல்லுவாங்க”ங்கிறது பதில் இல்லை. பதினோரு மணிக்குக் கூப்பிடலைன்னா போய் மறுபடி கேளுங்க. மரியாதையா, ஆனா விடாம.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு நீங்களா முடிவு பண்ணித் தண்ணி குடிச்சிடாதீங்க. உங்க மயக்க மருத்துவர் சொன்ன பிறகுதான். பிரசவ வலியில இருக்கிறவங்க, குடல் அடைப்பு இருக்கிறவங்க, எமர்ஜென்சி ஆபரேஷன், பல வருஷ சுகரால வயிறு மெதுவா காலியாகுறவங்க, எடை குறைய வாராவாரம் ஊசி போடுறவங்க, இவங்களுக்கு இந்த ரெண்டு மணி நேரக் கணக்கு அப்படியே பொருந்தாது. அந்த ஊசி போடுறவங்க அதை மயக்க மருத்துவர்கிட்ட மறைக்காம சொல்லணும். யாராவது குடிச்சிட்டா, திட்டுவாங்கன்னு பயந்து மறைக்காதீங்க. என்ன குடிச்சீங்க, எத்தனை மணிக்குன்னு அப்படியே சொல்லிடுங்க. தண்ணின்னா ரெண்டு மணி நேரம் தள்ளி வெப்பாங்க. பால் காபின்னா ஆறு மணி நேரம்.